36 பிரேமுக்குள் ஒரு வரி

திரை முழுக்க ஓர் அம்மாவின் முகம். வயது அறுபதை நெருங்குகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மகள் கேட்கிறாள்: தாத்தாவை நீ எப்போதாவது மன்னித்தாயா? அம்மா உடனே பதில் சொல்வதில்லை. மெல்ல வாய் திறக்கிறது, தலை ஒருமுறை இடவலமாக ஆடுகிறது, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் வருகிறது: ஐ நெவர் ஃபர்கேவ் ஹிம். கடைசிச் சொல்லோடு உதடுகள் மூடிக்கொள்கின்றன. கால் விநாடி அப்படியே நிற்கிறது அந்த முகம். பிறகு காட்சி மகளுக்கு மாறுகிறது.

இது விளக்கத்துக்காக உருவாக்கிய காட்சி. ஆனால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் உள்ள டப்பிங் தியேட்டர்களில் இப்படியொரு வரியில் மாட்டிக்கொள்ளாத வசனகர்த்தா இருக்க முடியாது. முழுப் படத்தையும் தமிழில் எழுதி முடித்திருப்பார். துரத்தல் காட்சிகளும் கூட்டக் காட்சிகளும் மளமளவென்று ஓடியிருக்கும். இந்த நாலு சொல் மட்டும் உட்கார மறுக்கும்.

பார்க்க எளிதான வாக்கியம்தான். "அவரை நான் மன்னிக்கவே இல்லை." பொருள் அப்படியே வந்துவிட்டது, ஒன்றும் குறையவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஆங்கில வரியில் ஆறு ஒலித்துண்டுகள். தமிழ் வரியில் பத்து: அ-வ-ரை, நான், மன்-னிக்-க-வே, இல்-லை. நடிகை அந்த ஆங்கில வரியைச் சொல்ல எடுத்துக்கொண்டது ஒன்றரை விநாடி. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம் என்பதால் அது 36 பிரேம். பத்துத் துண்டுகளை அதற்குள் திணித்தால், யோசித்து யோசித்துப் பேசும் அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்.

நீளம் மட்டும் பிரச்சினை என்றால் பேச்சுத் தமிழ் காப்பாற்றிவிடும். தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமலே வாக்கியம் நிற்கும். யாரைப் பற்றிப் பேச்சு என்பது மகளின் கேள்வியிலேயே இருக்கிறது. "அவரை", "நான்" இரண்டையும் எடுத்துவிட்டு, "மன்னிக்கவேயில்ல" என்று வைத்தால் சரியாக ஆறு துண்டு. நேரத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது. எழுதியவர் நிம்மதியாகப் படத்தை ஓட்டிப் பார்க்கிறார். ஏதோ சரியில்லை.

சரியில்லாதது உதட்டில் இருக்கிறது. வாய் அகலத் திறந்து தொடங்குகிற முகத்தின் மேல் "ம" என்ற ஒலி விழுகிறது. உதடு சேராமல் மகரம் பிறக்காது. வரி முடியும்போது கதை தலைகீழ்: திரையில் உதடுகள் மூடியிருக்கின்றன, காதில் விழுவதோ வாய் திறந்து முடியும் "ல". போதாக்குறைக்கு, அம்மா தலையை ஆட்டி மறுப்பது வரியின் தொடக்கத்தில், அந்த "நெவர்" என்ற சொல்லின் மீது. தமிழில் மறுப்பு வினையின் வாலில்தான் வரும். தலை ஆடி ஓய்ந்த பிறகு "இல்ல" வருகிறது. ஆக, அளவு பொருந்திய வரி மூன்று இடங்களில் பொருந்தவில்லை.

எந்தெந்த எழுத்துக்கு உதடு என்ன செய்கிறது என்பதைத் தமிழர்கள் வெகு காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல், பகரமும் மகரமும் இரண்டு உதடும் சேர்வதால் பிறக்கின்றன என்கிறது. மேற்பல்லும் கீழுதடும் கூடும்போது வகரம் பிறக்கிறது என்கிறது. உகரம், ஒகரம் முதலிய உயிர்களுக்கு உதடு குவிகிறது. டப்பிங் எழுதுகிறவருக்கு வேண்டிய ஒலியியலில் பெரும்பகுதி இவ்வளவுதான். மற்ற மெய்கள் எல்லாம் வாய்க்குள்ளே நாக்கு செய்யும் வேலை. கேமரா அவ்வளவாகப் பார்க்காது. க-வுக்குப் பதில் த வந்தாலும், ன-வுக்குப் பதில் ல வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. உதடு மூடும் இடத்தில் மூடாத ஒலி வந்தால் குழந்தைக்கும் தெரியும்.

ஏன் அவ்வளவு உறுத்துகிறது? 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் "கா" என்று சொல்லும் வாயசைவைத் திரையில் காட்டி, "பா" என்ற ஒலியை அதன்மேல் ஓட்டினார்கள். இங்கே "கா", "பா" இரண்டையும் ஆங்கிலத்தில் உள்ளதுபோல் அழுத்தம் குறைந்த ஒலிகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் கேட்கவில்லை. "டா" என்று ஒலித்ததாகச் சொன்னார்கள். கண்ணை மூடினால் "பா" தெளிவாகக் கேட்டது. கண் பார்ப்பதைக் காது விட்டுவிடுவதில்லை, இரண்டையும் கலந்துதான் நாம் பேச்சைக் கேட்கிறோம். அதனால்தான் மோசமான டப்பிங்கில் சில சொற்கள் தெளிவாகப் பதிவாகியிருந்தும் காதில் மங்கலாக விழுகின்றன. ஒலிப்பதிவில் குறை தேடுவார்கள்; குறை அங்கே இருக்காது.

எல்லா ஷாட்டுக்கும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. ஆள் தூரத்தில் நிற்கும்போதும், முதுகு காட்டிப் பேசும்போதும் எழுத்தாளருக்கு நல்ல காலம். முகமூடிப் பாத்திரம் என்றால் இன்னும் சௌகரியம். 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில், தான்தான் நாயகனின் தந்தை என்று டார்த் வேடர் சொல்லும் புகழ்பெற்ற இடத்தில், படப்பிடிப்பின்போது முகமூடிக்குள் இருந்த நடிகர் பேசியது வேறு வசனம். ரகசியம் வெளியே கசியக்கூடாது என்பதற்காக அவருக்கு மாற்றுவரி கொடுத்திருந்தார்கள். உண்மையான வசனத்தைப் பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் குரலில் சேர்த்தார்கள். வாய் தெரியாததால் படம் பார்த்தவர் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

நம் அம்மாவுக்கு முகமூடி இல்லை. க்ளோசப்பில், உதட்டின் சுருக்கம்கூடத் தெரிய உட்கார்ந்திருக்கிறார்.

வசனகர்த்தா மறுபடி முயல்கிறார். இந்த முறை உதட்டிலிருந்து தொடங்குகிறார். வாய் அகலத் திறந்து தொடங்க வேண்டும் என்றால் ஆகாரம். கடைசியில் உதடு மூட வேண்டும் என்றால் மகர ஒற்று. நடுவில், கீழுதடு பல்லைத் தொடும் "நெவர்" என்ற இடத்தில் ஒரு வகரம் கிடைத்தால் நல்லது. இதையெல்லாம் வைத்துத் தேடும்போது ஒரு வரி வந்து விழுகிறது: "ஆறவேயில்ல கோபம்." ஆ என்று திறக்கிறது. இரண்டாவது துண்டைத் தாண்டியதும் "வே" வருகிறது. அந்த ஏகாரத்தின் அழுத்தம் தலையாட்டலின் மேலேயே ஏறுகிறது. முடிவில் "கோபம்" என்று உதடு மூடுகிறது. துண்டு ஏழுதான், ஒன்று கூடுதல், அதைச் சமாளிக்கலாம். வினை முன்னால் வந்து பெயர் பின்னால் வருவது பேச்சில் இயல்பாக நடப்பது. வயதான ஒரு பெண் மனம்விட்டுச் சொல்லும் தமிழ் அது. எழுதியவருக்கே மெய்சிலிர்த்திருக்கும்.

அந்த வரியைத்தான் அவர் அடித்தார்.

காரணம் படத்தின் கடைசி ரீலில் இருக்கிறது. சாகக் கிடக்கும் தன் அப்பாவின் கட்டிலருகே இந்த அம்மா உட்கார்ந்து, உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வருவது ஒரே வினைச்சொல். முதல் காட்சியில் அந்தச் சொல் பார்வையாளர் காதில் விழுந்திருந்தால்தான் கடைசிக் காட்சியில் அது திரும்ப வரும்போது கனக்கும். முதல் காட்சியில் கோபம் ஆறவில்லை என்றும், கடைசியில் மன்னித்துவிட்டேன் என்றும் வைத்தால், இரண்டும் தனித்தனியே நல்ல வரிகள். ஒன்றையொன்று அறியாத வரிகள். கோபம் தானாக ஆறிப்போவது. மன்னிப்பு ஒருவர் கொடுப்பது. படம் முழுக்க அந்தக் கொடுப்பினைக்காகத்தான் காத்திருக்கிறது.

டப்பிங்கில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான் என்று தோன்றுகிறது. பொருந்தாத வரியைத் தூக்கிப்போடுவது சுலபம். அழகாகப் பொருந்திய வரியைப் பத்து ரீல் தள்ளி வரும் ஒரு சொல்லுக்காக விட்டுக்கொடுக்க, முழுப் படமும் மனதில் இருக்க வேண்டும். காட்சி காட்சியாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி எழுதும் அவசர வேலைகளில் முதலில் அடிபடுவது இந்தத் தொடர்ச்சி.

ஆக, "மன்னி" என்ற வேர் கட்டாயம். அது உதடு மூடும் ஒலியோடு தொடங்குகிறது, ஆகவே வரியின் முதலில் வைக்க முடியாது. அதற்கு முன்னால் வாய் திறக்கும் ஏதோ ஒன்று வேண்டும். "இல்ல... மன்னிக்கல" என்று ஒரு முயற்சி. ஆறு துண்டு, தலையாட்டலோடு "இல்ல" மிகச் சரியாகச் சேருகிறது. ஆனால் இகரத்துக்கு வாய் அகலாது. திரையில் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. முடிவும் திறந்தே நிற்கிறது. "எங்கப்பாவ மன்னிக்கல" என்று இன்னொன்று. "அவர்" என்பதைவிட நம் வீடுகளில் "அப்பா" என்பதுதான் இயல்பு என்ற எண்ணத்தில் வந்தது. இதில் "ப்பா" என்று உதடு நன்றாக மூடித் திறக்க வேண்டிய இடத்தில், திரையில் பல் தெரிகிறது. அடித்தாயிற்று.

இந்த இடத்தில் முடிவு ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகர ஒற்றில் முடியும் சொற்கள் தமிழில் ஏராளம்: வேணும், போதும், தெரியும். காகிதத்தில் பார்த்தால் உதடு மூடும் முடிவு கைவசம் நிறைய இருப்பதாகத் தோன்றும். ஆனால் நாம் பேசும்போது அந்தக் கடைசி "ம்" பெரும்பாலும் உச்சரிக்கப்படுவதில்லை. முன்னால் உள்ள உயிர் மூக்கொலியாகி, வாய் திறந்தபடியே முடிகிறது. "வேணும்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால் தெரியும். டப்பிங் கலைஞரிடம் "ம்"-ஐ மூடிச் சொல்லுங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூடிச் சொன்னால் சில சொற்கள் மேடைப்பேச்சு போல் ஒலித்துவிடும். எனவே எழுத்தில் "ம்" இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

பேச்சிலும் தவறாமல் உதடு மூடும் மகரம் ஒன்று உண்டு. அது இரட்டை மகரம். அம்மா, சும்மா, கம்மி போன்ற சொற்களில் உள்ளது. மகளைக்கூட "என்னம்மா", "இல்லம்மா" என்று அழைப்பது தமிழ்த் தாய்மார்களின் வழக்கம். இந்தக் காட்சியில் கேட்பவள் மகள். அதைப் பிடித்ததும் வரி கிடைத்துவிடுகிறது: "நான் மன்னிக்கலம்மா."

நான், மன், னிக், க, லம், மா: ஆறு துண்டு. "நான்" என்பதன் ஆகாரம் வாய் திறப்போடு ஒட்டுகிறது. "நெவர்" என்பதில் உதடு பல்லைத் தொடும் இடத்துக்கு அருகில் "மன்" வருகிறது. உதடு முழுக்க மூடுவதும் பல்லைத் தொடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் வேகத்தில் கண் அதை ஏற்றுக்கொள்ளும். கடைசியில் ஆங்கில வரி மூடும் 34-ஆவது பிரேமில் "லம்" வந்து உதடு மூடுகிறது. மீதி ஒரு "மா" இருக்கிறதே? அதற்கு வாய் திறந்தாக வேண்டும். திரையில் உதடுகள் அதற்குப் பிறகு திறப்பதேயில்லை.

இதற்கு விடை எடிட்டிங்கில் இருக்கிறது. உதடு மூடி ஆறு பிரேம், அதாவது கால் விநாடி கழித்துக் காட்சி மகளின் முகத்துக்கு மாறுகிறது. அந்தக் கால் விநாடியும் கலைஞர் "ம்"-ஐப் பிடித்து நிறுத்துகிறார். தொண்டை அடைத்தவர் பேசும்போது அப்படி நிற்பது இயல்பே. காட்சி மாறியதும் "மா" மகளின் முகத்தின் மேல் விழுகிறது. பேசுகிறவரின் வாய் அப்போது திரையில் இல்லை. மகள் உடனே பதில் பேசியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். இங்கே அவள் பேசாமல் இருக்கிறாள்.

எந்தப் பக்கம் எவ்வளவு தளர்வு உண்டு என்பதற்கு ஓர் அளவும் இருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒலி-ஒளி ஒத்திசைவு பற்றி சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரிவதில்லை. சினிமாக் கணக்கில் முந்துவதற்கு ஒரு பிரேம், பிந்துவதற்கு மூன்று பிரேம். தூரத்தில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்: அடி முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. ஒலி பிந்துவது நமக்குப் பழக்கம். ஒலி முந்துவது உலகத்தில் நடப்பதே இல்லை. அந்த அளவு முழு ஒலித்தடமும் நகர்வதைப் பற்றியது, ஒரு சொல்லைப் பற்றியதல்ல. ஆனாலும் தியேட்டர்காரர்களின் அனுபவம் அதே திசையைத்தான் காட்டுகிறது. வாய் திறக்கும் முன் குரல் வந்துவிடக் கூடாது. கொஞ்சம் தாமதமாக முடிவதை மன்னிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வரி முழுதாகப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "நெவர்" போய்விட்டது. "மன்னிக்கல" என்பதற்கும் "மன்னிக்கவேயில்ல" என்பதற்கும் இடையே ஒரு வாழ்நாள் தூரம் இருக்கிறது. அந்த ஏகாரம்தான் முப்பது வருஷத்தையும் சொல்லும். அதற்கு இடமில்லை. அதைக் குரலில் ஏற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கலாம். "நான்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு விட்டு, தலையாட்டலின் மேல் "மன்" என்பதை அழுத்திச் சொன்னால் ஏகாரத்தின் கனம் ஓரளவு திரும்புகிறது. வசனகர்த்தா தன் தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவைப்பார். மைக் முன் நிற்கும் கலைஞர் ஹெட்போனில் மூலக் குரலைக் கேட்டு, திரையைப் பார்த்து, இந்தக் கோட்டையும் மனதில் வைத்துப் பேச வேண்டும். பிரான்சில் இந்தச் சுமையைக் குறைக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். படத்தின் கீழே ஒரு பட்டை ஓடும். அதில் வசனம் எழுதப்பட்டிருக்கும். நீட்டிச் சொல்ல வேண்டிய எழுத்தை நீட்டியும் விரைந்து சொல்ல வேண்டியதை நெருக்கியும் எழுதியிருப்பார்கள். ஒரு கோட்டை எந்த எழுத்து தொடுகிறதோ அதை அந்தக் கணத்தில் சொன்னால் போதும்.

இந்த வரி தெலுங்கிலிருந்து வந்திருந்தால் "வே" பிழைத்திருக்கும். தெலுங்கிலும் வினையும் மறுப்பும் வாக்கியக் கடைசியில்தான். "நேனு க்ஷமிஞ்சலேது" என்பது ஏழு துண்டு. "நான் மன்னிக்கவேயில்ல" என்பதும் ஏழு. நடிகையும் தன் தலையாட்டலை அந்த "லேது"வை நோக்கித்தான் கொண்டுபோயிருப்பார். தென்னிந்திய மொழிகளுக்குள் படங்களை மாற்றும் வழக்கம் வெகு சீக்கிரமே வேரூன்றியதற்கு இந்த உறவு துணை செய்திருக்க வேண்டும். 1944-இலேயே ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அரிச்சந்திரன் கதையைக் கொண்ட கன்னடப் படத்தைத் தமிழில் பேசவைத்து வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதல் படம் என்று அது குறிப்பிடப்படுகிறது.

ஆங்கிலப் படங்களுக்கு அந்தச் சலுகை இல்லாததால்தான், "டப்பிங் தமிழ்" என்று நாம் முகம் சுளிக்கிற ஒரு மொழியே உருவாகிவிட்டது. வரி நீளும்போது சுருக்கத் தெரிந்தவர்கள்கூட, வரி குறையும்போது வாயை நிரப்பக் கண்டதையும் போடுகிறார்கள். ஒரு "இப்போ", ஒரு "பாரு", ஒரு "தெரியுமா". உதடு பொருந்திவிடும், பேசுகிறவர் மனிதராகவே தெரியமாட்டார். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், க்ளோசப் அல்லாத எந்த ஷாட்டிலும் உதட்டை விட்டுவிட்டுப் பேச்சைக் காப்பாற்றுவதே நியாயம். க்ளோசப்பிலும் வரி முழுக்கப் பொருந்த வேண்டும் என்பதில்லை. தொடக்கம், உடலசைவு விழும் இடம், உதடு மூடும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நடுவில் உள்ளதைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

கடைசி ரீலுக்குப் போனால் வேலை சுலபமாகிறது. கட்டிலருகே அம்மா சொல்லும் வரிக்கு "மன்னிச்சிட்டேன்ப்பா" என்று எழுதுகிறார் வசனகர்த்தா. அதுவும் உதடு மூடித் தொடங்குகிறது. ஆனால் கேமரா அம்மாவின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது, வாய் தெரியவில்லை. நீளம் மட்டும் பார்த்தால் போதும். மீதமிருப்பது மிக்ஸிங்குக்கு ஒரு குறிப்பு. முதல் காட்சியில் மகளின் முகத்தின் மேல் விழும் அந்த "மா"வை, ஷாட் மாறியதும் வசனம் முடிந்துவிட்டது என்று நினைத்து யாரும் வெட்டிவிடக் கூடாது. அதன் ஒலியளவை இறக்கவும் கூடாது. இந்த ஓரெழுத்து போனால், "மன்னிக்கலம்" என்று பொருளில்லாத ஒரு சொல் தியேட்டரில் நிற்கும். எனவே தாளின் ஓரத்தில் பிரேம் எண்ணோடு அதை எழுதி, சவுண்ட் இன்ஜினியரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்குப் போகிறார்.